இந்தக் கேப்ஷனில் உள்குத்து இருக்கிறதா? பதிவிடும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் நெடுநாள் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பணித்திட்டம் முடிவடைந்திருக்கிறது. அன்று குழுவாக எடுத்துக்கொண்ட படத்தை வெளியிட எண்ணி, அதன் கீழே வரவேண்டிய கேப்ஷனை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"ஒருவழியாக முடித்துவிட்டோம்! கடைசி வரை உடன் நின்ற நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. உண்மையில் யார் உழைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அது போதும்."

பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் முதலில் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் பாதியில் வேறு குழுவுக்கு மாறிச் சென்றார். இறுதிக் கூட்டத்தில் மேலாளர் அவருடைய பெயரையும் சேர்த்துப் பாராட்டினார். அவரும் புன்னகையோடு அதை ஏற்றுக்கொண்டார். எனக்கு அவரோடு சண்டை எதுவும் இல்லை. ஆனால் கேப்ஷனைப் படித்த என் தோழி, "இது நன்றி அறிவிப்பு இல்லை, அந்த ஆறாவது ஆளுக்கு எழுதிய கடிதம்" என்கிறாள். எனக்கு இதில் நன்றி மட்டுமே தெரிகிறது. வெளியிட்ட பிறகு வருந்துவதைவிட, வெளியிடும் முன்பே நமக்கு நாமே கண்டுபிடித்துக்கொள்ள ஏதேனும் வழி உண்டா?

வெண்பாப் பித்தன் எழுதியது:

இது மிகவும் எளிது, தோழி. உள்குத்து என்பது சில குறிப்பிட்ட சொற்களில்தான் குடியிருக்கிறது. "சிலர்", "ஒருவழியாக", "உண்மையில்", "பரவாயில்லை", "காலம் பதில் சொல்லும்" ஆகியவற்றையும், வாக்கியத்தின் முடிவில் வரும் மூன்று புள்ளிகளையும், சிரிப்பது போல முறைக்கும் அந்த மஞ்சள் முகத்தையும் நீக்கிவிட்டால் எந்தக் கேப்ஷனும் சுத்தமாகிவிடும். உங்களுடையதை இப்படி மாற்றுங்கள்: "முடித்துவிட்டோம்! கடைசி வரை உடன் நின்ற நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி." இனி யாரும் குறை சொல்ல முடியாது.

மெய்ப்புத்தாள் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகப் பிறர் எழுதியவற்றைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களுக்கு வரும் வரிகளையும் பார்த்துத் தருகிறேன். பித்தன் ஐயா தந்த சொற்பட்டியலில் உண்மை இருக்கிறது. அந்தச் சொற்கள் வந்தால் நானும் அங்கே நின்று ஒருமுறை பார்ப்பேன். ஆனால் அவர் திருத்தித் தந்த வரியில் குத்து அப்படியே இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு சொற்றொடருக்குள் அது ஒளிந்திருப்பதால் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

"கடைசி வரை உடன் நின்ற நான்கு பேர்" என்று ஒருவர் எழுதினால், கடைசி வரை நிற்காத ஒருவர் இருந்தார் என்பதைப் படிப்பவர் கேட்காமலேயே ஏற்றுக்கொள்கிறார். எழுதியவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையாக இல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை. எல்லாரும் கடைசி வரை நின்ற ஒரு குழுவைப் பற்றி எழுதும்போது "கடைசி வரை நின்றவர்களுக்கு" என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் தோன்றாது. போதாததற்கு "நான்கு பேருக்கும்" என்று எண்ணிக்கையும் இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் குழுவில் ஆறு பேர் என்பது தெரியும். உங்களையும் சேர்த்து ஐந்து என்றால் மிச்சம் யார் என்று கழித்துப் பார்க்க ஒரு நொடி போதும்.

நான் கையாளும் முறை இது. கேப்ஷனை எழுதியபின், உறுத்தலுக்குரிய அந்த ஆள் இந்தக் கதையில் பிறக்கவே இல்லை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். குழு தொடக்கத்திலிருந்தே ஐந்து பேர். பாராட்டில் ஆறாவது பெயர் வரவே இல்லை. அந்த உலகத்தில் இதே கேப்ஷனை எழுதியிருப்பீர்களா? சொல் சொல்லாகப் பாருங்கள். "முடித்துவிட்டோம்" நிற்கும். "ஒருவழியாக" என்பது நிற்கலாம். வேலை நெடுநாள் இழுத்தது உண்மைதானே, எனவே அந்தச் சொல்லை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். "கடைசி வரை உடன் நின்ற" விழுந்துவிடும். "நான்கு பேருக்கும்" என்பதில் எண்ணிக்கை விழுந்து, "குழுவினர் அனைவருக்கும்" என்று ஆகிவிடும். "உண்மையில் யார் உழைத்தார்கள்" என்ற வாக்கியம் முழுதாக விழும், ஏனென்றால் பொய்யாக உழைத்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் இல்லாமல் "உண்மையில்" என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை. "அது போதும்" என்பதும் கூடவே போய்விடும். போதுமென்றால் அதை ஊரறியச் சொல்லத் தேவை இருந்திருக்காது.

ஆக, அந்த ஆளை நீக்கியதும் விழுந்த சொற்கள் எல்லாம் அவருக்காக எழுதியவை. உங்கள் கேப்ஷனில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. உங்கள் தோழி சொன்னது சரி.

நிலாமுற்றம் எழுதியது:

இதைப் படித்தபோது சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. நான் எழுதும்போது என் மனத்தில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அந்தத் தொனியிலேயே மற்றவர்களும் படிப்பார்கள் என்று ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

மெய்ப்புத்தாள் எழுதியது:

எதிர்பார்க்கலாம், ஆனால் எழுத்து அதற்குத் துணை நிற்பதில்லை. இதைப் பற்றி ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2005 இல் வெளியானது. சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை நேராகவும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்து, எது எந்தத் தொனி என்று பெறுபவர் கண்டுகொள்கிறாரா எனப் பார்த்தார்கள். ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் 56 விழுக்காடுதான் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 விழுக்காடு சரியாகப் புரிந்தது. எழுதுபவர் தன் மனக்குரலில் வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். அந்தக் குரல் படிப்பவரைச் சென்றடைவதில்லை என்பதை அவர் மறந்துவிடுகிறார். உங்கள் நிம்மதி உங்கள் குரலில் இருந்தது, நிலா. வாக்கியத்தில் இருப்பது நிற்காத ஒரு மனிதர் மட்டுமே.

அந்த ஆய்வு மின்னஞ்சலைப் பற்றியது, இருவருக்கிடையே நடப்பது. கேப்ஷனில் நிலைமை இன்னும் சிக்கலானது, ஏனெனில் பின்னணி தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே வரியை ஒரே நேரத்தில் படிக்கிறார்கள்.

கதிரவன் 07 எழுதியது:

நல்ல விவாதம். எனக்கும் இதே சிக்கல்தான். என் முன்னாள் காதலி, நாங்கள் பிரிந்த பிறகு, "இப்போதுதான் என்னால் மூச்சுவிட முடிகிறது" என்று மலையுச்சியில் எடுத்த படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள். சென்ற வாரம், "சத்தம் இல்லாத காலை" என்று இன்னொரு படம். நான் அதிகம் பேசுவேன் என்று அவள் எப்போதும் குறைப்பட்டுக்கொள்வாள். இவை என்னைக் குறித்து எழுதியவைதானா என்று மெய்ப்புத்தாள் ஐயா சொன்ன முறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

நேர்ப்பேச்சு எழுதியது:

தம்பி, கேட்ட கேள்வி வேறு, நீங்கள் கொண்டுவந்த வழக்கு வேறு. நாம் எழுதுவதில் குத்து இருக்கிறதா என்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அடுத்தவர் எழுதியதில் நமக்கான குத்தைத் தேடத் தொடங்கினால் மழை பெய்கிறது என்று அவர் எழுதினாலும் நமக்கு அது நம்மைச் சொல்வதாகவே தெரியும்.

மெய்ப்புத்தாள் எழுதியது:

கதிரவன், அந்த முறை எழுதியவருக்குத்தான் பயன்படும். நீங்கள் இல்லாத உலகில் அவர் என்ன எழுதியிருப்பார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டுகளில் ஒரு நல்ல வேறுபாடு இருப்பதால் அவற்றை வேறொரு கோணத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

"இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது" என்பதில் வரும் "தான்", இதற்கு முன் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முன்பு உடன் இருந்தவர் யார் என்பது தெரிந்த எவரும் அதை உங்கள் பக்கம் திருப்பிப் படிக்க முடியும். எழுதும் முன் உங்கள் முன்னாள் காதலி என்னைக் கேட்டிருந்தால், "மலை ஏறி இறங்கியபின் மூச்சு சீரானது" என்று எழுதியிருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்லியிருப்பேன். தமிழில் "தான்", "ஆவது", "கூட", "மட்டும்" போன்ற சிறு இடைச்சொற்கள் எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் சொல்லிவிடும் ஆற்றல் உடையவை. "இந்த முறையாவது நேரத்துக்கு முடிந்தது" என்றால் முன்பு முடியவில்லை. "இவர் மட்டும் கேட்டார்" என்றால் மற்றவர்கள் கேட்கவில்லை. கேப்ஷனில் இவை வரும்போது, எதிர்ப்பக்கத்தில் நிற்பது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் "சத்தம் இல்லாத காலை" என்பதில் அப்படி எதுவும் இல்லை. அந்த வரி தன்னளவில் நிறைவானது. அதில் நீங்கள் கேட்கும் குத்து, உங்கள் நினைவிலிருந்து வருகிறது. எழுதுபவர் வாக்கியத்தில் இருப்பதற்குப் பொறுப்பு. படிப்பவர் கொண்டுவருவதற்கெல்லாம் பொறுப்பாக முடியாது.

கதிரவன் 07 எழுதியது:

முதலாவதைப் பற்றிச் சொன்னது புரிகிறது. இரண்டாவது என்னைப் பற்றியதில்லை என்று முழுதாக நம்ப முடியவில்லை, ஆனாலும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அல்லித்தண்டு எழுதியது:

மெய்ப்புத்தாள் அவர்கள் சொன்ன நீக்கிப் பார்க்கும் முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மா என்னோடு இருக்கிறார். அவருடைய பிறந்தநாளன்று அவரோடு எடுத்துக்கொண்ட படத்தைப் போட்டு, "பெற்றவளை அருகில் வைத்துக் கவனித்துக்கொள்வது ஒரு பேறு. எல்லாருக்கும் வாய்ப்பதில்லை" என்று எழுதினேன். தொலைவில் இருக்கும் என் தம்பி அன்று மாலையே அழைத்து, "அக்கா, நேராகவே கேட்டிருக்கலாமே" என்றான். அவனை நினைத்து நான் எழுதவில்லை என்பது எனக்கு உறுதி. பெற்றோரை இளமையிலேயே இழந்த என் தோழி ஒருத்தியைத்தான் நினைத்தேன். தம்பி பிறக்காத உலகத்திலும் இதே வரியைத்தான் எழுதியிருப்பேன். ஆகவே உங்கள் சோதனையில் இது தேறிவிடுகிறது. ஆனால் வீட்டில் தேறவில்லை.

மெய்ப்புத்தாள் எழுதியது:

அல்லி அக்கா, இது நியாயமான எதிர்வாதம். நான் சொன்ன முறை எழுதியவரின் உள்ளத்தைத்தான் சோதிக்கிறது. படிப்பவர் காதில் எப்படி விழும் என்பதை அது காட்டாது. உறவினர்கள் விஷயத்தில் இன்னொரு கேள்வியும் தேவைப்படுகிறது: நான் எழுதிய பொதுச்சொல்லுக்குள், என் பதிவைப் படிக்கக்கூடியவர்களில் எத்தனை பேர் அடங்குவார்கள்?

"எல்லாருக்கும் வாய்ப்பதில்லை" என்று ஒரு செய்தித்தாளில் எழுதினால் வாய்க்காதவர்கள் ஆயிரக்கணக்கானோர். எவரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதையே மூன்று பிள்ளைகளில் ஒருவர், அந்தத் தாயின் படத்துக்குக் கீழே எழுதும்போது, அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் இரண்டே பேர். இன்னொரு உடன்பிறப்பும் அருகிலேயே இருக்கிறார் என்றால் ஒரே ஒருவர். பொதுச்சொல் அங்கே பெயர்ச்சொல் ஆகிவிடுகிறது. உங்கள் தோழியை நினைத்து எழுதியிருந்தாலும், அந்தப் படத்தில் தோழி இல்லை, அம்மா இருக்கிறார். படிப்பவர் படத்தோடு சேர்த்துத்தான் வரியைப் படிப்பார்.

நிலாவின் "யார் உழைத்தார்கள்" என்பதிலும் இதே கணக்குதான். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தைப் பற்றியது என்றால் அது பொதுவான புலம்பல். ஆறு பேர் கொண்ட குழுவைப் பற்றியது என்றால் அது ஒருவருடைய முகவரி.

அல்லித்தண்டு எழுதியது:

ஆம், இன்னொரு தங்கை அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். இந்தக் கணக்கை அன்று நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இப்படி ஒவ்வொரு வரியிலும் யார் யார் அடங்குவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு மகள் தன் தாயைப் பற்றி இயல்பாக நாலு சொல் எழுத முடியாதே?

மெய்ப்புத்தாள் எழுதியது:

எழுதலாம். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தை எழுதாமல் விட்டாலே போதும். "பெற்றவளை அருகில் வைத்துக் கவனித்துக்கொள்வது ஒரு பேறு" என்பது தானாக நிற்கிறது. அதில் யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை. என்னிடம் வரும் வரிகளில் குத்து பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கும். முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். பிறகு ஏதோ ஒன்று நிறைவடையவில்லை என்று தோன்ற, இன்னொரு வரியைச் சேர்க்கிறோம். எனவே ஐயம் வந்தால் நான் முதலில் செய்வது கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிப்பதுதான். மீதி நன்றாக இருந்தால் அந்த வரி ஏன் வந்தது என்பது தானே விளங்கும்.

வெண்பாப் பித்தன் எழுதியது:

என் பட்டியல் முழுமையில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு யோசனை. இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பதிலாக நண்பர் ஒருவரிடம் காட்டிவிடலாமே? நிலாவின் தோழி உடனே கண்டுபிடித்துவிட்டார் அல்லவா?

மெய்ப்புத்தாள் எழுதியது:

காட்டலாம், ஆனால் யாரிடம் காட்டுகிறோம், என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் மனக்குறையை முன்பே கேட்டிருக்கும் நண்பர், அந்தக் குறையோடு சேர்த்தே படிப்பார்; சிலர் உங்களுக்காகக் கோபப்பட்டு, "இன்னும் கொஞ்சம் காரமாகப் போடு" என்றுகூடச் சொல்வார்கள். பின்னணி எதுவும் தெரியாதவருக்கோ நான்கு பேர் என்பதும் ஆறு பேர் என்பதும் ஒன்றுதான். அவருக்குக் கழித்தல் கணக்கு தெரியாது. எனவே இருவரிடமும் வெவ்வேறு கேள்வி கேட்க வேண்டும். பின்னணி தெரிந்தவரிடம், "அந்த ஆளின் இடத்தில் இருந்து படித்தால் எந்தச் சொல்லில் நிற்பாய்?" என்று கேளுங்கள். தெரியாதவரிடம், "குத்து இருக்கிறதா?" என்று கேட்கவே கூடாது; கேட்டால் தேடிக் கண்டுபிடித்துத் தருவார். "இதைப் படித்ததும் முதலில் என்ன கேட்கத் தோன்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். "என்ன பணித்திட்டம்?" என்று கேட்டால் வரி சுத்தம். "யார் உழைக்கவில்லை?" என்று கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

கேட்க ஆள் இல்லாதபோது, பதிவின் கீழே எந்தப் பின்னூட்டம் வந்தால் உள்ளூர மகிழ்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "வாழ்த்துகள்" என்பதைவிட, "யாரைச் சொல்கிறாய் என்று புரிகிறது" என்ற பின்னூட்டத்தில் அதிக இனிப்பு தெரிந்தால், எழுதியது நன்றி அறிவிப்பு இல்லை. வாட்ஸ்அப் நிலைத்தகவலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அதை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் நமக்குக் கிடைக்கும். வெளியிட்ட பின் ஒரே ஒரு பெயர் வந்துவிட்டதா என்று மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கப் போகிறோம் என்றால் அது யாருக்கு எழுதியது என்பதில் ஐயமில்லை. சிலரை மட்டும் பார்க்கவிடாமல் தடுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஒரு வரியை வெளியிடும் முன் அந்தப் பட்டியலில் ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்று கை போனாலும் பொருள் அதேதான், அவர் பார்த்தால் என்ன புரிந்துகொள்வார் என்பது நமக்கே தெரிந்திருக்கிறது.

நேர்ப்பேச்சு எழுதியது:

இவ்வளவு நேரமும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. குத்து இருந்தால்தான் என்ன? ஒருவர் பாதியில் விலகிப் போய்விட்டுப் பாராட்டில் மட்டும் பங்கு வாங்கிக்கொள்கிறார். கடைசி வரை உழைத்தவர் அதைச் சொல்லவும் கூடாதா? மறைமுகமாகவாவது சொல்ல இடம் இல்லையென்றால் அநியாயம் செய்தவருக்குத்தான் அது வசதி. எல்லாக் கேப்ஷனையும் சலவை செய்து போட்டால் உண்மையும் அதோடு வெளுத்துப்போகும்.

மெய்ப்புத்தாள் எழுதியது:

சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல விரும்பினால் மேலாளரிடம், "பணிப்பங்கீட்டை ஆவணத்தில் சரியாகக் குறிப்பிடுங்கள்" என்று பெயர் சொல்லிச் சொல்லலாம். அங்கே எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்ல வழியிருக்கிறது. கேப்ஷனில் சொல்லும்போது, அவர் பதில் சொன்னால், "உன்னை யார் சொன்னது?" என்று கேட்டுவிட முடிகிறது, பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. எனக்குப் பிடிக்காதது அந்தப் பொறிதான்.

தவிர, நடைமுறையில் அது குறிதவறவும் செய்யும். உண்மையான இலக்கு கவனிக்காமல் போய்விட, வேறொருவர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிலாவின் குழுவில் நோயின் காரணமாக ஒரு வாரம் வராமல் இருந்தவர் யாரேனும் உண்டா? "கடைசி வரை உடன் நின்ற" என்பதை முதலில் உள்ளே வாங்கிக்கொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

நிலாமுற்றம் எழுதியது:

உண்டு. நான்கு பேரில் ஒருவர் இடையில் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தார். அவரை இந்தக் கோணத்தில் நான் நினைத்தே பார்க்கவில்லை.

நேர்ப்பேச்சு எழுதியது:

மேலாளரிடம் போய்ச் சொல்வது எல்லாருக்கும் எளிதன்று. பாராட்டில் அந்தப் பெயரைச் சேர்த்தவரே அவர்தானே? நேராகப் பேசினால் பொறாமை என்பார்கள், மறைமுகமாகப் பேசினால் உள்குத்து என்கிறீர்கள். உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

மெய்ப்புத்தாள் எழுதியது:

நியாயம்தான். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவரவர் தெரிந்தே செய்யட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தெரியாமல் செய்வதைத் தவிர்க்கத்தான் நிலா கேட்டார்.

நிலாமுற்றம் எழுதியது:

எனக்குத் தெரிந்தே செய்ய விருப்பமில்லை. அப்படியானால் என்ன எழுதலாம்? விழுந்த சொற்களை எல்லாம் நீக்கினால், "முடித்துவிட்டோம்! அனைவருக்கும் நன்றி" என்று மட்டும் மிஞ்சுகிறது. அதில் உயிரே இல்லை.

மெய்ப்புத்தாள் எழுதியது:

குத்தை எடுத்ததும் அந்த இடம் வெறுமையாகத் தெரிவது இயல்பு. அங்கே உண்மையான விவரத்தை வைக்க வேண்டும். யாரோ ஒருவர் செய்யாததைச் சுட்டாமல், இருந்தவர்கள் செய்ததைச் சொல்லுங்கள். தரவுகளை இரண்டாம் முறை முழுதாகச் சரிபார்த்தது, கடைசி இரவில் அறிக்கையின் வரைபடங்களை மாற்றி வரைந்தது என்று ஏதேனும் நடந்திருக்குமல்லவா? அப்படிச் சொல்லும் நன்றிக்கு ஒப்பிட ஆள் தேவையில்லை.

ஒரு முடிவை மட்டும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் குறிப்பிட்டு நன்றி சொன்னால், விடுபட்ட பெயர் தனியாகத் தெரியும். படத்தில் டேக் செய்வதும் அப்படித்தான். அப்போது அவர் இருந்த காலத்தில் செய்த வேலைக்கு ஒரு வரி சேர்த்துவிடுவது பொருத்தம். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் எந்தப் பெயரும் இல்லாமல் வேலையை மட்டும் சொல்லுங்கள். நால்வருக்குப் பெயர் போட்டு அந்த ஆறாவது ஆளை விடுவது மட்டும் வேண்டாம். அது பழைய கேப்ஷனையே வேறு விதமாக எழுதுவதாகும்.

இன்ஸ்டாகிராமில் போடுவதானால் இன்னொன்று. நீளமான கேப்ஷனில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே உடனே தெரியும். மீதியை விரித்தால்தான் படிக்க முடியும். நன்றியும் பெருமையும் கீழே மறைந்துபோய், "ஒருவழியாக" என்று பெருமூச்சு விடும் வரி மட்டும் மேலே நின்றால் அதுவே முழுத் தொனியாகிவிடும். ஃபேஸ்புக்கில் போட்டால், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பதிவைப் பார்க்கக்கூடியவர்கள் திருத்த வரலாற்றைத் திறந்து பழைய வரியையும் படிக்க முடியும். திருத்தப்பட்ட குத்து, திருத்தாத குத்தைவிட அதிகம் பேசப்படும்.

வெண்பாப் பித்தன் எழுதியது:

அந்த வரலாற்று வசதி எனக்கு இதுவரை தெரியாது. என் பழைய பதிவுகள் சிலவற்றைப் போய்ப் பார்க்கவேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

பெயர்கள் எதுவும் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன். அவர் பெயரைச் சேர்க்க இன்னும் மனம் வரவில்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை. புதிய வடிவம் இதோ:

"முடித்துவிட்டோம்! பத்தாயிரம் வரிசைகள் கொண்ட தரவை இரண்டாம் முறையும் பொறுமையாகச் சரிபார்த்த கண்களுக்கும், கடைசி இரவில் பன்னிரண்டு வரைபடங்களை மாற்றி வரைந்த கைகளுக்கும் நன்றி. எங்கள் ஐவருக்கும் இன்று நல்ல உறக்கம் வரும்."

அல்லித்தண்டு எழுதியது:

அழகாக வந்திருக்கிறது, நிலா. படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி, "அந்தத் தரவு என்ன?" என்பதுதான்.

மெய்ப்புத்தாள் எழுதியது:

எனக்கும் பிடித்திருக்கிறது. கடைசி வரியில் மட்டும் "ஐவருக்கும்" என்ற எண்ணிக்கை மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

"எங்களுக்கு" என்று மாற்றிவிட்டேன். நாளைக் காலை இன்னொரு முறை படித்துவிட்டு வெளியிடுகிறேன்.

நேர்ப்பேச்சு எழுதியது:

எனக்கு அந்த "ஐவருக்கும்" தான் பிடித்திருந்தது.